ஆறு ரோபோக்களை ஒரு கூட்டமாக ஓட்டுவது எப்படி: தலைவன் இல்லாமல், மூன்று விதிகளோடு

1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் கணினித் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்க வைக்க மூன்றே விதிகளைச் சொன்னார். ரொம்ப நெருங்கினால் விலகு. பக்கத்தில் இருப்பவர்கள் போகும் திசையில், அவர்கள் வேகத்தில் போ. அவர்களின் நடுப்புள்ளியை நோக்கி நகர். ஒவ்வொரு பறவையும் தன் பக்கத்தில் இருப்பவற்றை மட்டும்தான் பார்க்கும். முழுக் கூட்டத்தைப் பற்றி எதற்கும் தெரியாது, ஆனாலும் கூட்டம் சேர்ந்தே திரும்பும்.

இன்றைக்கு இதைத் திரையில் செய்து பார்ப்பது ஒரு மாலை வேலைதான். அதே விதிகளை அப்படியே நிஜ ரோபோவில் ஏற்றினால் முட்டிக்கொள்ளும், இல்லையென்றால் நின்ற இடத்தில் நடுங்கும். விதிகளில் தவறு எதுவும் இல்லை. திரையில் தகவல் உடனே கிடைக்கிறது, நினைத்த மாத்திரத்தில் நிற்க முடிகிறது. தரையில் தகவல் தாமதமாக வரும், பிரேக் பிடிக்கத் தூரம் வேண்டும். ஆகவே தாமதத்தையும் நிற்கும் தூரத்தையும் முதலில் அளந்து, விதிகளில் வரும் எண்களை அவற்றிலிருந்து எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்கொள்ளும் உதாரணம் இது: 12 செ.மீ. விட்டமுள்ள, இரண்டு சக்கரம் கொண்ட ஆறு ரோபோக்கள். 3 மீட்டருக்கு 4 மீட்டர் தரை. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, பிரியாமல், முட்டாமல் சேர்ந்து போக வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஏப்ரல்டேக் போன்ற ஒரு சதுரக் குறி ஒட்டியிருக்கிறது. மேலே தொங்கும் கேமரா அதைப் பார்த்து, அந்தந்த ரோபோவுக்கு அதனதன் இடத்தையும் முகம் நோக்கும் திசையையும் மட்டும் சொல்கிறது. ரோபோக்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் வைஃபை வழியாக ஒன்றுக்கொன்று அறிவிக்கின்றன. முடிவெடுப்பது அந்தந்த ரோபோவில் உள்ள கணினிப் பலகையில். மேலே கேமரா இருந்தால் அது எப்படி உள்ளூர் விதி ஆகும் என்று கேட்கலாம். கேமரா வெறும் கண்தான், யார் எங்கே போக வேண்டும் என்று அது சொல்வதில்லை. விதிகள் சரியாக ஓடிய பிறகு அதை எடுத்துவிட்டு ரோபோவிலேயே சென்சார் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், கோளாறு கண்ணிலா விதியிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## முதலில் தாமதத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரே ஒரு ரோபோவைத் தரையில் வையுங்கள். "போ" என்ற கட்டளையை அனுப்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமரா சொல்லும் இடம் 1 செ.மீ. நகர்ந்திருப்பதாக ரோபோவுக்குத் திரும்பத் தகவல் வரும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முழுச் சுற்றின் தாமதம். கேமரா படம் எடுப்பது, குறியைக் கண்டுபிடிப்பது, வைஃபை, கட்டுப்பாட்டு நிரல், மோட்டார் வேகம் பிடிப்பது என்று எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டியதில்லை. பல முறை செய்து பார்த்து, சராசரியை விட்டுவிட்டு மோசமான மதிப்பை எடுங்கள். நம் உதாரணத்தில் அது 0.3 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

அப்புறம் நிற்கும் தூரம். உச்ச வேகம் நொடிக்கு 0.2 மீ. சக்கரம் வழுக்காமல் வேகம் குறைக்கும் அளவு 0.5 மீ/நொடி² என்று வைப்போம். எதிரே ஒன்று வருவது தெரிவதற்குள்ளேயே ரோபோ 0.2 × 0.3 = 0.06 மீ. ஓடியிருக்கும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க 0.2² ÷ (2 × 0.5) = 0.04 மீ. ஆக மொத்தம் 10 செ.மீ.

இரண்டு ரோபோக்கள் நேருக்கு நேர் வந்தால் இருபது. இரண்டின் உடம்பும் சேர்ந்து மையத்திலிருந்து மையத்துக்கு 12. இடம் சொல்வதில் ஒவ்வொன்றுக்கும் 2 செ.மீ. பிழை என்றால் 4. கூட்டினால் 36 செ.மீ. கொஞ்சம் தாராளமாக 40 என்று வைத்துக்கொள்வோம். விலகல் விதி தொடங்கும் தூரம் இதுதான். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று இதைக் குறைக்கக் கூடாது. நெருக்கமான கூட்டம் வேண்டுமென்றால் வேகத்தையோ தாமதத்தையோ குறையுங்கள், எண் தானாகவே இறங்கும்.

எவ்வளவு தூரம் வரை இருப்பவர்களைப் பக்கத்தார் என்று எண்ணலாம்? விலகல் தூரத்தைப் போல இரண்டரை மடங்கு, அதாவது 1 மீட்டர், ஆறு ரோபோவுக்கு நல்ல தொடக்கம். அதைவிடச் சிறியதாக வைத்தால் கூட்டம் சீக்கிரம் உடையும். மிகப் பெரியதாக வைத்தால் எல்லோரும் எல்லோரையும் பார்ப்பார்கள், உள்ளூர் விதி என்ற பேச்சுக்கே அர்த்தம் இருக்காது.

## மூன்று விதிகளும் ஓர் இலக்கும்

ஒவ்வொரு ரோபோவும் நொடிக்கு 20 முறை இந்தக் கணக்கைப் போடுகிறது. தூரம் மீட்டரில், வேகம் மீ/நொடியில். `nbrs` என்பது மற்ற ரோபோக்களிடமிருந்து கடைசியாக வந்த இடமும் வேகமும்.

```python
import numpy as np

R_SEP, R_NBR, V_MAX = 0.40, 1.00, 0.20
K_SEP, K_ALI, K_COH, V_GOAL = 0.6, 0.5, 0.1, 0.06

def desired_velocity(pos, nbrs, goal):
    to_goal = goal - pos
    dist = np.linalg.norm(to_goal)
    u = V_GOAL * min(1.0, dist / 0.8) * to_goal / max(dist, 0.01)
    near = [(p, v) for p, v in nbrs
            if np.linalg.norm(p - pos) < R_NBR]
    if near:
        u += K_ALI * np.mean([v for p, v in near], axis=0)
        u += K_COH * (np.mean([p for p, v in near], axis=0) - pos)
    else:
        u *= 3
    for p, v in near:
        d = pos - p
        r = max(np.linalg.norm(d), 0.05)
        if r < R_SEP:
            u += K_SEP * (R_SEP - r) * d / r
    speed = np.linalg.norm(u)
    return u if speed <= V_MAX else u * V_MAX / speed
```

நான்கு எடைகளும் எங்கிருந்து வந்தன என்பதுதான் இதில் முக்கியம்.

விலகல் விதியின் எடையான `K_SEP`-ஐத் தாமதம் தீர்மானிக்கிறது. இரண்டு ரோபோக்களும் ஒன்றையொன்று தள்ளுவதால், இடைவெளியில் உள்ள குறை 2 × `K_SEP` என்ற விகிதத்தில் சரியாகும். தாமதத்தோடு வேலை செய்யும் இப்படிப்பட்ட திருத்தம் ஊசலாடாமல் இருக்க, அந்த விகிதத்தைத் தாமதத்தால் பெருக்கினால் 0.37-க்குள் இருக்க வேண்டும். தாமதம் 0.3 என்றால் `K_SEP` 0.61-ஐத் தாண்டக் கூடாது. அதனால்தான் 0.6. இதைத் தாண்டியவுடனே கூட்டம் சிதறிவிடாது. ரோபோக்கள் எல்லை மீறிப் போய்த் திரும்பி வரும், ஆட்டம் மெல்ல அடங்கும். பெருக்குத்தொகை 1.57-ஐத் தாண்டும்போதுதான் ஆட்டம் வளர ஆரம்பிக்கும். இது இரண்டு ரோபோக்களுக்கான கணக்கு. நடுவில் மாட்டிக்கொண்ட ரோபோவைப் பல பேர் ஒரே நேரத்தில் தள்ளுவார்கள், ஆகவே அங்கே ஆட்டம் தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.

பக்கத்தார் வேகத்தோடு ஒத்துப்போகும் விதியின் எடையான `K_ALI` 1-க்குக் கீழேயே இருக்க வேண்டும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். எல்லோரும் ஒரே வேகத்தில் போகும்போது, ஒவ்வொருவரின் வேகமும் "பாதி பக்கத்தார் வேகம் + 0.06" என்று வருகிறது. அந்தச் சமன்பாட்டுக்கு ஒரே விடை 0.12. `K_ALI` 1 ஆனால் ஒருவர் வேகத்தை இன்னொருவர் வாங்கி, மேலே 0.06 சேர்த்து, அவர் அதைத் திருப்பி வாங்கி, கடைசியில் எல்லோரும் உச்ச வேகத்தில் முட்டி நிற்பார்கள். அதற்குமேல் வேகம் கூட்ட இடமில்லாததால் விலகல் விதி சொல்வதும் எடுபடாது. 0.12-ல் ஓடும்போது உச்ச வேகத்துக்கு இன்னும் 0.08 மிச்சம் இருக்கிறது. பின்தங்கிய ரோபோ எட்டிப் பிடிப்பதும், நெருங்கிவிட்ட ரோபோ விலகுவதும் இந்த மிச்சத்தில்தான்.

இதே கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. தனியாக விடப்பட்ட ரோபோவுக்குப் பக்கத்தார் வேகம் கிடையாது, அது 0.06-ல்தான் ஊரும். கூட்டமோ 0.12-ல் போகிறது. ஒரு முறை பிரிந்தால் பிரிந்ததுதான். நிரலில் உள்ள `u *= 3` இதற்காகத்தான்: யாரும் பக்கத்தில் இல்லையென்றால் 0.18-ல் இலக்கை நோக்கிப் போ. பிரிந்தது முன்னால் போன ரோபோ என்றால் இன்னும் முன்னால்தானே ஓடும்? ஓடும். ஆனால் இலக்கு பொதுவானது, 0.8 மீட்டருக்குள் வந்ததும் வேகம் குறையும், அங்கே மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள். பொதுவான இலக்கு இல்லாமல் சும்மா சுற்றும் கூட்டத்துக்கு இந்த வைத்தியம் ஆகாது.

நடுப்புள்ளியை நோக்கி இழுத்துச் சேர்ந்திருக்க வைக்கும் விதியின் எடையான `K_COH` சிறியதாக இருக்கட்டும். இரண்டு ரோபோக்கள் மட்டும் இருந்தால், இழுப்பும் தள்ளலும் எங்கே சமன் ஆகும்? 0.1 × r = 0.6 × (0.40 − r) என்று போட்டால் r = 0.34 மீ. அதாவது நீங்கள் குறித்த 40 செ.மீ.-ல் கூட்டம் நிற்காது, 34-ல் நிற்கும். `K_COH`-ஐ 0.3 ஆக்கினால் இது 27-க்கு வந்துவிடும், பாதுகாப்புக்கு விட்ட இடத்தை இழுப்பு விதி தின்றுவிடும். சேர்ந்திருக்கும் விதியின் வேலை கூட்டம் சிதறாமல் பார்ப்பது மட்டும்தான்.

## வேகத் திசையைச் சக்கரங்களுக்குச் சொல்வது

விதிகள் தருவது ஒரு திசையும் வேகமும். இரண்டு சக்கர ரோபோவோ பக்கவாட்டில் நகர முடியாதது, திரும்பித்தான் போக வேண்டும்.

```python
def to_wheels(u, heading, L=0.10):
    speed = np.hypot(u[0], u[1])
    if speed < 0.01:
        return 0.0, 0.0
    err = np.arctan2(u[1], u[0]) - heading
    err = np.arctan2(np.sin(err), np.cos(err))
    v = max(0.0, speed * np.cos(err))
    w = 2.0 * err
    return v - w * L / 2, v + w * L / 2
```

`heading` என்பது ரோபோ இப்போது முகம் நோக்கும் திசை, `L` என்பது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம். திருப்பிக் கிடைப்பது இடது, வலது சக்கர வேகங்கள். இரண்டு வரிகளைக் கவனியுங்கள். வேகம் 0.01-க்குக் குறைந்தால் நிற்கச் சொல்வது அவசியம். இல்லையென்றால் எல்லா விசையும் சமனாகும் இடத்தில் கேமராப் பிழையே திசையைத் தீர்மானிக்கும், ரோபோ நின்ற இடத்தில் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, கோணப் பிழையை `sin`, `cos` வழியாக மறுபடி கணக்கிடும் வரி. அது இல்லாவிட்டால் 179 பாகையிலிருந்து −179-க்குப் போக வேண்டிய ரோபோ 2 பாகை திரும்பாமல் 358 பாகை சுற்றி வரும்.

## செய்தியில் என்ன போக வேண்டும்

ஒவ்வொரு ரோபோவும் நொடிக்கு 10 முறை தன் எண், இடம், வேகம், நேரம் ஆகியவற்றை எல்லோருக்குமாக அறிவிக்கட்டும். கேட்கும் ரோபோதான் யார் 1 மீட்டருக்குள் என்று பார்த்து மற்றவர்களைத் தள்ளிவிடும்.

இதில் வேகத்தைக் கேமராவிலிருந்து எடுக்காதீர்கள். கேமரா நொடிக்கு 20 படம் எடுக்கிறது, இடத்தில் 5 மி.மீ. தடுமாற்றம் இருக்கிறது என்றால், அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கழித்துக் கிடைக்கும் வேகத்தில் பிழை 0.1 மீ/நொடி வரும். கூட்டத்தின் வேகமே 0.12 தானே! ஒத்துப்போகும் விதி இந்த இரைச்சலைத்தான் சராசரி எடுத்துக்கொண்டிருக்கும். சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் என்கோடர் சொல்லும் வேகத்தை அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

ஒளிபரப்பாக அனுப்பும் பாக்கெட்டுக்கு ஒப்புகை கிடையாது, சில தொலையத்தான் செய்யும். ஆறு ரோபோவும் ஒரே கணத்தில் இயக்கப்பட்டால் ஆறும் ஒரே கணத்தில் அனுப்பி மோதிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் 0 முதல் 20 மில்லிநொடி வரை தற்செயலான ஓர் இடைவெளி விட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு ரோபோவிடமிருந்து அரை நொடியாகச் செய்தி வரவில்லை என்றால், கடைசியாக இருந்த இடத்தில் அது நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு விலகல் விதிக்கு மட்டும் அதைச் சேருங்கள். பட்டியலிலிருந்து உடனே நீக்கிவிட்டால், வைஃபை போய் வழியில் நின்றுவிட்ட ரோபோவின் மேல் மற்றவை ஏறிவிடும். தன் சொந்த இடமே அரை நொடியாகத் தெரியாத ரோபோ நின்றுவிட வேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் அடியில், வலையமைப்பை நம்பாத ஒரு காவல் வேண்டும். ரோபோவின் முன்பக்கம் ஒரு தூர சென்சார் வைத்து, 12 செ.மீ.-க்குள் எது தெரிந்தாலும் முன்னோக்கிப் போகும் வேகத்தை வெட்டிவிடுங்கள், திரும்புவதை மட்டும் அனுமதியுங்கள். பலகைக்குள்ளேயே நடப்பதால் இதன் தாமதம் 0.1 நொடி அளவுதான். உச்ச வேகத்தில் 2 செ.மீ. ஓடி, 4 செ.மீ.-ல் நிற்கும். நேருக்கு நேர் வரும் இரண்டுக்கும் சேர்த்து 12. இது எந்த விதியின் எடையையும் கேட்காமல் கடைசியாக இயங்க வேண்டும்.

## ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு

முதலில் சிமுலேஷன். ஆனால் அதில் 0.3 நொடி தாமதத்தையும், பத்துக்கு ஒன்று என்ற அளவில் தொலையும் பாக்கெட்டுகளையும் சேர்த்து ஓட்டுங்கள். தாமதமில்லாத சிமுலேஷனில் எல்லா எண்ணும் வேலை செய்யும், எனவே அது எதையும் நிரூபிக்காது.

அடுத்து ஒரே ஒரு நிஜ ரோபோ, அதோடு ஐந்து மாயப் பக்கத்தார். கணினியில் நகரும் ஐந்து புள்ளிகளின் செய்தியை நிஜ ரோபோக்கள் அனுப்புவது போலவே அனுப்புங்கள். முட்டினால் எதுவும் உடையாது. x, y இடம் மாறியிருப்பது, கோணத்தின் திசை தலைகீழாக இருப்பது, இடது மோட்டாரும் வலது மோட்டாரும் மாறிப் பூட்டியிருப்பது எல்லாம் இங்கேயே அகப்படும். ஒரு மாயப் புள்ளியை ரோபோவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். விலகிப் போக வேண்டியது அதை நோக்கி வந்தால் குறி எங்கோ மாறியிருக்கிறது.

பிறகு இரண்டு ரோபோக்கள், இலக்கு இல்லாமல். 20 செ.மீ. இடைவெளியில் வைத்துத் தொடங்கினால் விலகி 34-க்கு அருகில் நிற்க வேண்டும், 60-ல் வைத்தால் நெருங்கி அதே தூரத்துக்கு வர வேண்டும். மிகச் சரியாக 34 வராது, 0.01 வரம்பு கொஞ்சம் முன்பின் நிறுத்திவிடும். இரண்டு செ.மீ. வித்தியாசம் சாதாரணம். 28-ல் நிற்கிறது என்றால் இடத்தின் அளவுகோலையோ எடைகளையோ திரும்பப் பாருங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் மூன்றாவது ரோபோவை எடுக்க வேண்டாம். ஆறில் தெரியும் கோளாறுகளில் பெரும்பாலானவை இரண்டிலேயே தெரியக்கூடியவை.

ஓடும்போது மூன்று எண்களைப் பதிவு செய்யுங்கள். எந்த இரண்டு ரோபோவுக்கும் இடையே வந்த மிகக் குறைந்த தூரம் ஒன்று. ஒருமித்த திசை இரண்டாவது: ஒவ்வொரு ரோபோவும் போகும் திசையில் நீளம் 1 உள்ள அம்பு போட்டு, ஆறையும் கூட்டி, கிடைத்த நீளத்தை ஆறால் வகுத்தால் வருவது. எல்லோரும் ஒரே பக்கம் போனால் 1, ஆளுக்கொரு பக்கம் போனால் 0-க்குப் பக்கத்தில். மூன்றாவது, 1 மீட்டர் தொடர்பில் பார்த்தால் கூட்டம் எத்தனை துண்டாக இருக்கிறது என்பது.

## கோளாறை எண்களிலிருந்து படிப்பது

இடைவெளி ஒரே சீராகக் கூடிக் குறைகிறது என்றால் அந்த ஆட்டத்தின் காலத்தை அளங்கள். தாமதத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு, அதாவது 1.2 முதல் 1.8 நொடி வந்தால், தாமதம்தான் காரணம். `K_SEP`-ஐக் குறையுங்கள். காலமே இல்லாமல் தாறுமாறாக நடுங்கினால் அது அளவீட்டு இரைச்சல், எடையைக் குறைத்துப் பயனில்லை.

ஒருமித்த திசை 0.9-க்கு மேல் இருந்தும் துண்டுகளின் எண்ணிக்கை 2 ஆகிறது என்றால், நடுவில் ஒரு தடை வந்து கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறது. விதிகள் சரியாகத்தான் ஓடுகின்றன. இங்கே தூரத்தை வைத்துப் பக்கத்தாரைத் தேர்ந்தெடுப்பதை விட்டு, மிக அருகில் உள்ள மூன்று பேர் என்று எண்ணிக்கையை வைத்துத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ரோம் நகரத்து ஸ்டார்லிங் பறவைகளைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள் 2008-ல் வெளியிட்டதும் இதுதான்: ஒரு பறவை தூரத்தைப் பார்ப்பதில்லை, அருகிலுள்ள ஆறு அல்லது ஏழு பறவைகளைப் பார்க்கிறது. அதனால் கூட்டம் விரிந்தாலும் தொடர்பு அறுவதில்லை. ஆனால் உங்கள் வைஃபையும் சென்சாரும் எட்டும் தூரம் வரைதான் இது பலிக்கும்.

இலக்குக்கு வந்த பிறகு ஆறும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே இருக்கிறது என்றால், எல்லோரும் ஒரே புள்ளியில் நிற்க முயல்கிறார்கள். ஆறு உடம்பு ஒரு புள்ளியில் நிற்காது. 0.8 மீட்டருக்குள் வேகம் குறைவது இதற்காகத்தான். போதவில்லை என்றால் அந்த எல்லையை 1.2 ஆக்குங்கள்.

## இதையே ட்ரோனுக்குக் கொண்டு போனால்

விதிகள் அப்படியே இருக்கும், எண்கள் எல்லாம் மாறும். வெளியில் ஜிபிஎஸ்ஸை நம்பி நொடிக்கு 3 மீ. வேகத்தில் பறக்கும் ட்ரோனை எடுத்துக்கொள்வோம். தாமதம் 0.7 நொடி, வேகம் குறைக்கும் அளவு 2 மீ/நொடி² என்றால், ஓடும் தூரம் 2.1, பிரேக் தூரம் 2.25. நேருக்கு நேர் வரும் இரண்டுக்கும் சேர்த்து 8.7 மீ. ஜிபிஎஸ் பிழைக்கு ஆளுக்கு 2 மீ. சேர்த்தால் கிட்டத்தட்ட 13 மீ. ஆறு ட்ரோன்களுக்கு ஒரு விளையாட்டு மைதானமே தேவைப்படும். வேகத்தை 1 மீ. ஆக்கினால் அதே கணக்கு 6 மீட்டருக்கு இறங்கிவிடும். முதல் பறப்புகளை மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். எந்த ட்ரோனின் கட்டுப்பாட்டையும் உடனே கையில் எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு ட்ரோனுக்கும் ரிமோட்டோடு ஒருவர் நிற்க வேண்டும்.

தரை ரோபோவுக்கு ஆபத்து வந்தால் நிற்கலாம். ட்ரோன் நின்றாலும் அந்தரத்தில் நிற்க வேண்டும், அதற்குத் தன் இடம் தெரிய வேண்டும். ஆகவே "தெரியாவிட்டால் நில்" என்ற விதி இங்கே "தெரியாவிட்டால் கூட்டத்திலிருந்து விலகி மெல்ல இறங்கு" என்று மாறும். ஒன்றின் மேல் ஒன்று பறக்க விடாதீர்கள். மேலே உள்ளதன் காற்று கீழே உள்ளதை அழுத்தித் தள்ளும், அந்தத் தள்ளலுக்கு உங்கள் விதிகளில் இடமில்லை. எல்லோருக்கும் ஒரே உயரம் கொடுத்து, மூன்று விதிகளையும் கிடைமட்டத்தில் மட்டும் ஓட்டுவதே தொடக்கத்துக்கு நல்லது.

புடாபெஸ்டைச் சேர்ந்த ஒரு குழு 30 ட்ரோன்களை வெளியில் மையக் கட்டுப்பாடு இல்லாமல் கூட்டமாகப் பறக்கவிட்டு, அதை 2018-ல் வெளியிட்டது. அவர்கள் ஒத்துப்போகும் விதியில் செய்த மாற்றம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பக்கத்து ட்ரோனுக்கும் தனக்கும் உள்ள வேக வித்தியாசம், அந்த இடைவெளிக்குள் பிரேக் பிடித்துச் சரிசெய்யக்கூடிய அளவைத் தாண்டினால் மட்டும் திருத்து, தாண்டாவிட்டால் விட்டுவிடு. தூரத்தில் இருப்பவரோடு பெரிய வித்தியாசம் இருக்கலாம், நெருங்க நெருங்க அந்த அனுமதி சுருங்கும். மேலே கையால் போட்ட நிற்கும் தூரக் கணக்கு, அங்கே ஒவ்வொரு கணமும் விதிக்குள்ளேயே ஓடுகிறது. இருந்தும் விதிகளின் எண்களை அவர்கள் கையால் தேடவில்லை. தாமதமும் இரைச்சலும் சேர்த்த சிமுலேஷனில், பரிணாம முறைத் தேடலைக் கொண்டு கண்டெடுத்தார்கள். ஆறு ரோபோவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டைத் தாண்டும்போதோ, உச்ச வேகத்தை ஏற்றும்போதோ, அந்த வழிக்கு மாறிக்கொள்ளுங்கள்.